வாக்களிக்க நான்கு மணித்தியாலமா, இரண்டு நாளா? சம்பளத்துடன் கூடிய லீவு பற்றிச் சட்டம் சொல்வது

2020 ஆகஸ்ட் 5ஆம் திகதி, புதன்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் நாள். என்னுடைய வாக்கு மட்டக்களப்பில் இருந்தது. நான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். இரண்டு நாட்களுக்கு முன்னர் என்னுடைய மேலதிகாரியிடம் போய், “வோட் போடப் போகவேணும், லீவு தருவீங்களா?” என்று கேட்டேன். அவர் கணினித் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், “ஹாஃப் டே எடுங்கோ, சட்டத்தில நாலு மணித்தியாலம்தானே இருக்கு” என்றார். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அரை நாளில் போய் வர முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் நான் வாக்களிக்கவும் இல்லை.

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, தேர்தல் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த ஒருத்தி நான். ஆனாலும் அந்தச் சட்டப்பிரிவை அதுவரை வாசித்திருக்கவில்லை. பின்னர் வாசித்தபோது இரண்டு விடயங்கள் விளங்கின. முதலாவது, மேலதிகாரி சொன்ன நான்கு மணித்தியாலம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால், அவர் சொன்ன அர்த்தத்தில் இல்லை. இரண்டாவது, நான் கேட்ட விதமே பிழை. வாயால் கேட்டதால் சட்டத்தின் கதவை நான் தட்டவே இல்லை.

கட்டுநாயக்க வலயத்திலும், புறக்கோட்டைக் கடைகளிலும், கொழும்பு அலுவலகங்களிலும் வேலை செய்துகொண்டு, வாக்கை ஊரில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் இதே கேள்வி வருகிறது. லீவு தருவார்களா, தந்தால் சம்பளம் வெட்டுவார்களா? அதற்கான பதிலை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சட்டத்தின் வாசகம்

1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 122ஆம் பிரிவுதான் அடிப்படை. மாகாண சபைத் தேர்தல், உள்ளூராட்சித் தேர்தல் ஆகியவற்றுக்கான சட்டங்களிலும் இதே மாதிரியான ஏற்பாடு இருக்கிறது. ஆகவே இந்தத் தேர்தல்கள் எல்லாவற்றிலும் கொள்கை ஒன்றுதான்.

பிரிவின் சாரத்தை என்னுடைய சொற்களில் சொல்கிறேன். வாக்களிக்க உரித்துடைய ஒரு தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், அவர் வாக்களிப்பதற்குப் போதுமானது என்று தொழில்தருநர் கருதும் தொடர்ச்சியான ஒரு காலத்துக்கு, சம்பள இழப்பு இல்லாமல், தொழில்தருநர் லீவு வழங்க வேண்டும். அந்தக் காலம் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது.

இதில் நான்கு விடயங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். லீவு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதாவது காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. சம்பளம் குறையக்கூடாது. நான்காவதாக, காலம் ‘போதுமானதாக’ இருக்க வேண்டும். “வழங்கலாம்” என்று சட்டம் சொல்லவில்லை, “வழங்க வேண்டும்” என்றே சொல்கிறது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

லீவுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களையும் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்ட காலத்தையும் எழுதி, வேலைத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்றும் தொழில்தருநர்களுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவுறுத்துகிறது. நான் வேலை செய்த எந்த இடத்திலும் அப்படியொரு தாளைக் கண்டதில்லை. தேர்தலுக்கு முதல் வாரம் உங்கள் அறிவித்தல் பலகையைப் பாருங்கள். அந்தத் தாள் அங்கே இல்லையென்றால், ஒன்றில் யாரும் எழுத்தில் விண்ணப்பிக்கவில்லை, அல்லது நிர்வாகம் தன் வேலையைச் செய்யவில்லை.

நான்கு மணித்தியாலம் என்பது உச்சம் அல்ல

பிழை நடக்கும் இடம் இதுதான். நான்கு மணித்தியாலம் என்பது கீழ் எல்லை. வாக்குச்சாவடி வேலைத்தளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும்கூட அதைவிடக் குறைக்க முடியாது என்பதே அதன் பொருள். ஆனால் பெரும்பாலான நிர்வாகங்கள் அதை மேல் எல்லையாக வாசிக்கின்றன. “சட்டம் சொன்னதைக் கொடுத்துவிட்டோம்” என்று சொல்லிக் கோவையை மூடிவிடுகின்றன.

எவ்வளவு போதும் என்பதைத் தொழில்தருநரே கருதித் தீர்மானிக்கிறார் என்பது உண்மை. அந்த இடத்தில் அவருக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் வாக்களிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கப்பல் ஏற்றுமதித் திகதி அந்தக் கேள்விக்குள் வராது, அன்றைய உற்பத்தி இலக்கும் வராது. கிளிநொச்சியில் வாக்குள்ள ஒருவருக்குக் கட்டுநாயக்கவில் நான்கு மணித்தியாலம் கொடுப்பது, வாக்களிக்கப் போதுமான நேரம் என்று யாராலும் நியாயப்படுத்த முடியாத ஒன்று.

இந்தத் தெளிவின்மையைப் போக்கத்தான் தேர்தல்கள் ஆணைக்குழு, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பரிந்துரையை அடிப்படையாக வைத்து, தூரக் கணக்கு ஒன்றைச் சொல்லி வருகிறது. வேலைத்தளத்திலிருந்து வாக்களிப்பு நிலையத்துக்கு உள்ள தூரம்தான் அளவு:

- 40 கிலோமீற்றர் அல்லது குறைவு: அரை நாள்
- 40 முதல் 100 கிலோமீற்றர் வரை: ஒரு நாள்
- 100 முதல் 150 கிலோமீற்றர் வரை: ஒன்றரை நாள்
- 150 கிலோமீற்றருக்கு மேல்: இரண்டு நாட்கள்

கொழும்பிலிருந்து ஹற்றனுக்குப் போகிறவர் ஒன்றரை நாள் வரிசையில் வருவார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு எல்லாம் இரண்டு நாள் வரிசை.

இந்தப் பட்டியலின் பலம் எது, பலவீனம் எது என்று தெரிந்துகொண்டு பாவிக்க வேண்டும். 122ஆம் பிரிவில் கிலோமீற்றர் என்று ஒரு சொல்லும் இல்லை. நான்கு மணித்தியாலம் சட்டம், தூரக் கணக்கு வழிகாட்டல். “இரண்டு நாள் தராவிட்டால் நேரடியாகச் சட்டமீறல்” என்று நிர்வாகத்தோடு வாதாடினால், அவர்களுடைய சட்டத்தரணி இலகுவாகப் பதில் சொல்லிவிடுவார். சரியான வாதம் வேறு. ‘போதுமான காலம்’ என்று சட்டம் சொல்கிறது, எவ்வளவு போதும் என்பதற்குத் தேர்தலை நடத்தும் ஆணைக்குழுவே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது, அதைவிடக் குறைவு போதும் என்று நீங்கள் நினைத்தால் ஏன் என்று சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது அவர்கள் பக்கம் போகிறது.

கட்டுநாயக்கவிலிருந்து கரைச்சிக்கு

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சியைக் கடந்த வருடம் சந்தித்தேன். ஊர் கிளிநொச்சி, கரைச்சிப் பிரதேசம். பெயரும் தொழிற்சாலையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடிப்படைச் சம்பளம் 31,200 ரூபா. மாதம் 26 நாள் கணக்கில் ஒரு நாளுக்கு 1,200 ரூபா. அதற்கு மேல், ஒரு நாளும் லீவு எடுக்காமல் வந்தால் மாதம் 3,000 ரூபா வருகைக் கொடுப்பனவு.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வேலை நாள்தான். சுப்பவைசரிடம் கேட்டார்.

“நாலு மணித்தியாலம் தருவினமாம் அக்கா. அந்த நேரத்துக்குள்ள நான் சிலாபம் தாண்டிப் புத்தளத்துக்குப் போய்ச் சேரலாம். வோட்டு அங்கயா இருக்கு?”

புதன்கிழமை இரவு பஸ் ஏறினார். வியாழன் காலை வாக்களித்தார். போயாவன்று திரும்பினார். மாத முடிவில் சம்பளச் சீட்டில் ஒரு நாள் ‘நோ பே’ என்று 1,200 ரூபா கழிக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் வராததால் வருகைக் கொடுப்பனவு 3,000 ரூபாவும் இல்லை. மொத்தம் 4,200 ரூபா. பஸ் காசு இதற்கு வெளியே. பயணச் செலவைத் தொழில்தருநர் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஒரு வாக்குக்காக மூன்றரை நாள் உழைப்பு போனது என்பதுதான் அவருடைய கணக்கு. அதே வரிசையில் வேலை செய்யும் வடக்குப் பிள்ளைகள் பலர் போகவே இல்லை. அவர்களுக்கு வாக்கில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லலாம். நான் அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லத் துணியமாட்டேன்.

அடுத்தது 2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல். செவ்வாய்க்கிழமை. இந்த முறை பக்கத்தில் போயாவும் இல்லை, வார இறுதியும் இல்லை. வாக்களிப்பு காலை 7 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை. பயணத்தை அவர் தாளில் எழுதிப் பார்த்தார். திங்கள் மாலை 5 மணிக்கு வேலை முடியும். இரவு எட்டு மணிக்குப் பிறகு புத்தளம் வீதியால் வரும் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடித்தால் விடியப்புறம் கிளிநொச்சி. அங்கிருந்து ஊருக்கு முதல் பஸ். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வாக்கு. அன்றிரவே திரும்பினால் புதன் விடியப்புறம் கட்டுநாயக்க. காலை ஏழரைக்கு இயந்திரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

தாளில் பார்த்தால் ஒரு நாள் போதும் போலத்தான் தெரியும். நிர்வாகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அது தொடர்ச்சியாக இரண்டு இரவுகள் பஸ்ஸில் இருந்துவிட்டு, ஊசியோடு வேலை செய்ய வருவது. 150 கிலோமீற்றருக்கு மேல் இரண்டு நாள் என்று ஆணைக்குழு சொல்வதற்கு இந்த இரவுகள்தான் காரணம்.

இந்த முறை அவரும் அதே வரிசையைச் சேர்ந்த மூன்று பேரும் ஏப்ரல் கடைசியில் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் வாக்களிப்பு நிலையத்தின் பெயர், தூரம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் இருந்தன. எச்.ஆர். பிரிவில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கினார்கள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. செவ்வாய் முழு நாள் சம்பளத்துடன் தேர்தல் லீவு. புதன்கிழமையை ஆண்டு விடுமுறையில் கழிப்பார்கள். வருகைக் கொடுப்பனவு வெட்டப்படாது.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். புதன்கிழமையும் தேர்தல் லீவாகவே வந்திருக்க வேண்டும். ஆனால் நவம்பரில் 4,200 ரூபா இழந்த அதே ஆள், அதே தொழிற்சாலையில், மே மாதம் ஒரு ரூபாவும் இழக்கவில்லை. இடையில் மாறியது ஒரு கடிதம்.

‘சம்பள இழப்பு இல்லாமல்’ என்றால் என்ன?

லீவு கிடைத்த பிறகும் பணம் வேறு வழியால் போய்விடலாம். நான் பேசியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது மூன்று வழிகள்.

முதலாவது, ஏற்கெனவே இருக்கும் லீவில் கழிப்பது. கடை, அலுவலக ஊழியர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் ஆண்டு விடுமுறையும் 7 நாள் அமய லீவும் சட்டப்படி உண்டு. தேர்தல் லீவு இவற்றுக்கு மேலதிகமானது. அமய லீவில் ஒரு நாளைக் கழித்தால், சம்பளம் வெட்டவில்லை என்று நிர்வாகம் சொல்லலாம். ஆனால் அந்த நாளை நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்திருக்கிறீர்கள். தொழில்தருநர் தந்தது எதுவும் இல்லை. தொழிலாளியின் சொந்த லீவில் கைவைக்கக் கூடாது என்று ஆணைக்குழுவும் சொல்கிறது.

இரண்டாவது, பதில் வேலை. “தேர்தல் நாளில் தொழிற்சாலை பூட்டு, அதற்குப் பதிலாக வருகிற ஞாயிறு வாருங்கள்” என்ற ஏற்பாடு. பலருக்கு இது பிடித்தும் இருக்கிறது, எல்லோரும் ஒன்றாக ஊருக்குப் போகலாம் என்பதால். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஞாயிறு வேலை செய்துதான் அந்த நாளின் சம்பளத்தைப் பெறுகிறீர்கள் என்றால், அது சம்பளத்துடன் கூடிய லீவு அல்ல, நாள் மாற்றம்.

மூன்றாவது, வருகைக் கொடுப்பனவும் ஊக்குவிப்புப் பணமும். இதுதான் பெரிய ஓட்டை. அடிப்படைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, “நீங்கள் வரவில்லைதானே” என்று கொடுப்பனவை வெட்டுவது. சட்டப்படி வழங்கப்பட்ட லீவை ‘வராத நாள்’ என்று எண்ணினால், சம்பள இழப்பு இல்லாமல் என்ற சொற்களுக்குப் பொருள் இல்லாமல் போகும் என்பதே தொழிலாளர் தரப்பு வாதம். இந்த விடயம் தகராறாக மாறும் முன்னரே தீர்ப்பது நல்லது. அதனால்தான் விண்ணப்பத்திலேயே “வருகைக் கொடுப்பனவு உட்பட” என்று எழுதச் சொல்கிறேன்.

நாட்சம்பளக்காரரின் நிலை இன்னும் நுணுக்கமானது. ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: “ஓட்டு போட ஸ்கூலுக்குப் போயிட்டு மலைக்கு வந்தா, எடை கொறையும். எடை கொறஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க.” வாக்குச்சாவடி தோட்டப் பாடசாலையில்தான். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் நான்கு மணித்தியாலத்துக்குரிய கொழுந்து நிறுவையில் இருக்காது. அன்றைக்கும் முழு நாளுக்குரிய எடையைக் கேட்டுவிட்டு அரைப் பேர் போட்டால், லீவு கொடுத்தது போலவும் சம்பளத்தை வெட்டியது போலவும் ஒரே நேரத்தில் ஆகிவிடும். முழுப் பேர் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கும் பழக்கம் தோட்டத்தில் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஒரு பிரிவின் எல்லாப் பெயர்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கித் துரையிடம் கொடுத்தால் அந்த இடைவெளி அடைபடும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

நீண்ட கடிதம் தேவையில்லை. சட்டத்தை மேற்கோள் காட்டி மிரட்டவும் வேண்டாம். இந்த அளவு போதும்:

“மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு,
2025 மே 6ஆம் திகதி நடைபெறும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க நான் உரித்துடையவர். எனது வாக்களிப்பு நிலையம் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளது. வேலைத்தளத்திலிருந்து தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தேர்தல் சட்டத்தின் ஏற்பாட்டுக்கும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தூர அளவுக்கும் அமைய, மே 6, 7 ஆகிய இரு நாட்களும், வருகைக் கொடுப்பனவு உட்படச் சம்பள இழப்பு இல்லாமல், எனது ஏனைய விடுமுறைகளில் கழிக்காமல் லீவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பெயர், ஊழியர் இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், திகதி, கையொப்பம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘கிடைத்தது’ என்று கையொப்பம் வாங்க வேண்டும். கையொப்பம் வைக்க மறுத்தால் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பலாம். தேர்தலுக்கு ஒன்றரை, இரண்டு வாரம் முன்னர் கொடுப்பது நல்லது. பதிலை வாங்கவும், மறுத்தால் முறையிடவும் அப்போதுதான் நேரம் இருக்கும். நிர்வாகத்துக்கும் ஆளைச் சமாளிக்க அவகாசம் வேண்டும். ஒரே வரிசையில் பாதிப் பேர் முதல் நாள் மாலையில் வந்து நின்றால் எந்த முகாமையாளரும் தடுமாறுவார்.

“வாக்காளர் அட்டையைக் காட்டுங்கள்” என்று கேட்கும் இடங்கள் உண்டு. அட்டை ஊர் முகவரிக்குத்தான் தபாலில் போகும், கட்டுநாயக்க போர்டிங்குக்கு வராது. வீட்டாரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அட்டை வந்து சேராவிட்டால், தேர்தல்கள் ஆணைக்குழுவின் elections.gov.lk தளத்துக்குப் போய் வாக்காளர் பதிவைச் சரிபார்த்து, அந்தத் திரையை அச்சிட்டு இணைக்கலாம். வாக்களிக்கும் இடத்திலும் அட்டை கட்டாயம் இல்லை. இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாள ஆவணமும் இருந்தால் போதும்.

மறுத்தால்

தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் முறைப்பாட்டு நிலையம் இயங்கும். லீவு மறுப்பை அங்கே முறையிடலாம். தேர்தல் முடிய முன்னர் இதுதான் வேகமான வழி. பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்போடு நிர்வாகம் இறங்கி வரும் என்று கண்காணிப்புப் பணியில் இருந்த நண்பர்கள் சொல்கிறார்கள். லீவு தந்துவிட்டு மாத முடிவில் சம்பளத்தை வெட்டினால், விடயம் தேர்தலைக் கடந்துவிடுகிறது. அப்போது போக வேண்டிய இடம் தொழில் அலுவலகம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பத்தின் பிரதி இருக்கிறதா? சம்பள வெட்டுக்கு அந்த மாதச் சம்பளச் சீட்டும் அதற்கு முந்தைய மாதச் சீட்டும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எது குறைந்தது என்று தெரியும்.

மனிதவள முகவர் மூலம் நாட்கூலிக்கு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தொழிற்சாலை “நீங்கள் எங்கள் ஆள் இல்லை” என்கிறது. முகவர் “அன்றைக்கு வராவிட்டால் காசு இல்லை” என்கிறார். யாருடைய கையால் சம்பளம் வருகிறதோ அவருக்கு விண்ணப்பத்தையும், தொழிற்சாலைக்கு ஒரு பிரதியையும் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் அடுத்த நாள் வேலைக்கு அழைக்காமல் விடுவதற்கு முகவருக்குக் காரணம் தேவையில்லை. இந்தச் சட்டப்பிரிவு அவர்களிடம் போகும்போது மிகவும் மெலிந்து போகிறது.

அரச ஊழியருக்கும் மற்றவருக்கும் இடையில்

அரச ஊழியர்களில் தேர்தல் கடமையில் உள்ளவர்கள், பொலிஸார், படையினர், புகையிரத மற்றும் அரச பஸ் ஊழியர்கள் போன்றோர் தபால் மூலம் முன்கூட்டியே வாக்களிக்கலாம். தனியார் துறைத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தில் இருப்பவர், தன் வாக்கு இருக்கும் இடத்துக்குத் தானே உடம்பைக் கொண்டுபோக வேண்டும். ஆகவே அவருக்கு லீவு ஒரு சலுகை அல்ல, வாக்குக்குரிய ஒரே வழி.

வாக்கைக் கட்டுநாயக்கவுக்கே மாற்றிப் பதியலாமே என்று கேட்பார்கள். வழமையாக வசிக்கும் இடத்தில் பதிய உரிமை இருக்கிறது. ஆனால் வாடகை அறையில் இருப்பவர்களின் பெயரைத் தன் வீட்டுப் பட்டியலில் சேர்க்கப் பல போர்டிங் உரிமையாளர்கள் சம்மதிப்பதில்லை. வேறொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தங்கச்சி சொன்னார்: “நான் இங்க ரெண்டு வருசம் இருப்பன், மூண்டு வருசம் இருப்பன். பிறகு ஊருக்குத்தான் போவன். என்ர ஊர் ரோட்டைப் போடுற சபைக்கு நான் ஏன் வோட் போடக்கூடாது?”

அவர் மே 6ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு வாக்களித்ததாகச் சொன்னார். என்னுடைய 2020ஆம் ஆண்டு வாக்கு மட்டக்களப்பு இடாப்பில் வெறுமனே கிடந்தது. அவர் போனதற்கும் நான் போகாததற்கும் இடையில் இருந்தது பத்து வரி எழுதிய ஒரு தாளும் அதன் பிரதியில் வாங்கிய ஒரு கையொப்பமும்தான். அடுத்த தேர்தலுக்குத் திகதி அறிவித்த அன்றே அந்தத் தாளை எழுதி வையுங்கள்.